இடது பக்கத்தில் இருப்பவரும் நீங்கள்தான்

ஒடுகத்தூரிலும் மலைமேலும் இருந்து நேர்காணல் வீடியோ எடுக்கக் கிளம்பியிருக்கும் இந்த வருஷத்துப் பட்டதாரித் தம்பி, தங்கைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் வெட்டைப் பார்த்தேன். ஏழு நிமிடம். திரையை நடுவில் பிளந்து, இடது பக்கம் ‘மோசமான நேர்காணல்’, வலது பக்கம் ‘நல்ல நேர்காணல்’. கேள்வி கேட்கிற கிழவன் இரண்டிலும் நான்தான். என் மனைவி நன்றாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இதை இப்படியே கீழே வேலூர் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். மறுபடி எடுப்போம். ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் உங்கள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் எழுதாமல் பொதுவாகவே எழுதுகிறேன்.

இடது பக்கத் தம்பி என்ன செய்கிறான்? பத்து நிமிடம் தாமதமாக வருகிறான். சட்டை வெளியே கிடக்கிறது. நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டுகிறான். நடுவில் போன் அடிக்கிறது, எடுத்துப் பேசுகிறான். வலது பக்கத் தம்பி இஸ்திரி போட்ட சட்டை, மூடிய ஷூ, கையில் ஃபைல், நிமிர்ந்த முதுகு, ஆங்கிலத்தில் வணக்கம்.

ராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கான ரசாயனம் செய்கிற ஒரு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். புதிதாகப் படித்து வருகிறவர்களை எடுக்கும் மேசையில் பாதி வருஷங்கள் உட்கார்ந்திருக்கிறேன். நேர்காணல் நடுவே போனை எடுத்துப் பேசியவர் ஒருவர்கூட என் முன் வந்ததில்லை. வேலை கேட்டு வருகிற பிள்ளைக்கு அந்தப் பயம் தானாகவே இருக்கும். நான் வேண்டாம் என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் சட்டையை உள்ளே விட்டவர்கள், நேரத்துக்கு வந்தவர்கள், ‘மே ஐ கம் இன் சார்’ கேட்டவர்கள். உங்கள் இடது பக்கத்தைப் பார்க்கிற எவரும் ‘இது நான்’ என்று நினைக்கப் போவதில்லை. ‘நான் இவ்வளவு மோசம் இல்லை’ என்று நிம்மதியோடு எழுந்து போவார்கள். அந்த நிம்மதிதான் உங்கள் வீடியோ செய்கிற கெடுதல்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே எத்தனை விஷயங்களை மாற்றியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆள் வேறு, சட்டை வேறு, மொழி வேறு, உட்காரும் விதம் வேறு, பதில் வேறு. பார்க்கிறவருக்கு எது வேலை வாங்கிக் கொடுத்தது என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குப் பளிச்சென்று படுவதைத்தான் எடுத்துக்கொள்வார். ஷூவும் ஆங்கிலமும் என்று முடிவு கட்டுவார். பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற பெண், ‘எனக்கு அந்த இங்கிலீஷ் வராது’ என்று அங்கேயே மனசை விட்டுவிடுவாள். உங்களில் வேதியியல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

நல்லதை மட்டும் காட்டினால் போதாதா, கெட்டது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது. அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவில் திமோத்தி பால்ட்வின் என்பவர், தயங்காமல் தன் பக்கத்தை எடுத்துச் சொல்லும் பேச்சுப் பயிற்சியில் இதைச் சோதித்தார். நல்ல மாதிரியை மட்டும் பார்த்தவர்கள் பயிற்சியில் கண்டதை அப்படியே திருப்பிச் செய்வதில் முந்தினார்கள். நல்லதும் கெட்டதும் சேர்த்துப் பார்த்தவர்கள், பயிற்சியில் இல்லாத புது நிலைமை வந்தபோது கற்றதைப் பொருத்திப் பயன்படுத்துவதில் முந்தினார்கள். 2005இல் டெய்லர், ரஸ்-எஃப்ட், சான் என்ற மூவர் இந்த வகைப் பயிற்சி பற்றிய 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இரண்டையும் கலந்து காட்டிய பயிற்சிதான் வேலையிடம் வரைக்கும் அதிகம் போய்ச் சேர்ந்தது என்று கண்டார்கள். நேர்காணல் என்பது புது நிலைமை. நீங்கள் மனப்பாடம் செய்த கேள்வி அங்கே வராது. ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும் என்ற உங்கள் யோசனை சரிதான். இடது பக்கத்தில் யாரை உட்கார வைத்தீர்கள் என்பதில்தான் தவறு.

சரியான இடது பக்கம் தற்செயலாக உங்கள் கையிலேயே இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த ஞாயிறு அன்று, விளக்கையும் ஒலியையும் சரிபார்க்க, பி.எஸ்சி. வேதியியல் முடித்த தங்கை ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்து நான் சும்மா நான்கு கேள்வி கேட்டேன். போன் ஓடிக்கொண்டிருந்தது. ‘அது டெஸ்ட்தான் சார், அழிச்சிடலாம்’ என்றீர்கள். நல்லவேளை, அழிக்கவில்லை. அதைப் பார்த்தபின் அவளை வீட்டுக்குப் போய் ரெக்கார்ட் நோட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அதே சுடிதார், அதே நாற்காலி, அதே கேள்விகள். புதிதாக அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே செய்ததைத்தான் நினைவுக்குக் கொண்டு வந்தாள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்டது, “டைட்ரேஷன் செஞ்சிருக்கியாம்மா?”

முதல் ஞாயிறு அவள் சொன்னது, “செஞ்சிருக்கேன் சார். வால்யூமெட்ரிக் அனாலிசிஸ்ல நல்ல பிராக்டிகல் நாலெட்ஜ் இருக்கு. நான் ஹார்ட் ஒர்க்கர், குவிக் லேர்னர் சார்.”

குரல் தெளிவு, முகத்தில் சிரிப்பு, உடையில் குறையில்லை. உங்கள் பழைய அளவுகோலில் இது வலது பக்கத்துக்கே போய்விடும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு இதில் எழுதிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அன்றைக்கு வரும் முப்பது பேரும் இதையே சொல்வார்கள்.

இரண்டாம் ஞாயிறு, “செஞ்சிருக்கேன் சார். கடைசி வருஷம் தண்ணியோட கடினத்தன்மை பாத்தோம். எங்க தெருவுல இருக்கற போர் தண்ணியையே பாட்டில்ல கொண்டு போனேன். 20 மில்லி தண்ணி, அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி ரெண்டு துளி. பியூரெட்ல 0.01 மோலார் இ.டி.டி.ஏ. முதல் தடவை 9.9 வந்துச்சு, அது வேகமா விட்டுட்டேன். அடுத்த ரெண்டும் 9.4. லிட்டருக்கு 470 மில்லிகிராம் வந்துச்சு சார். 200 தாண்டிடுச்சு, ஆனா 600க்குள்ள.”

கணக்குச் சரி. 9.4 மில்லியை 0.01ஆல் பெருக்கினால் 0.094 மில்லிமோல், கால்சியம் கார்பனேட்டாக எடுத்தால் 9.4 மில்லிகிராம், அது 20 மில்லித் தண்ணீரில் இருக்கிறது, ஆகவே லிட்டருக்கு 470. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தில் 200 ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. ஆனால் என் மனம் அவள் பக்கம் சாய்ந்தது இந்தக் கணக்கால் இல்லை. ‘முதல் தடவை வேகமா விட்டுட்டேன்’ என்ற அந்த நான்கு சொல்லால். கையால் செய்தவருக்குத்தான் அது தெரியும். செய்யாதவர் தன் பதிலில் தப்பை வைத்துக்கொள்ள மாட்டார்.

அதை உறுதி செய்துகொள்ளத்தான் அடுத்த கேள்வி. நேர்காணலில் உண்மையான கேள்வி எப்போதும் இரண்டாவதாக வருவதுதான். நம்ம ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவரைப் பாருங்கள். விற்கிறவர் வயசு சொல்வார், இவர் மறுத்துப் பேச மாட்டார், பேசாமல் ஆட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா. (உங்களை ஆடு என்று சொல்லவில்லை. சந்தையில் நீங்கள் விற்கிறவர் பக்கம். ஆட்டின் வாயைத் தானாகவே திறந்து காட்டுகிற வியாபாரியும் அங்கே உண்டு, அவரிடம் பேரம் சீக்கிரம் முடியும்.)

நான் கேட்ட இரண்டாவது கேள்வி, “எண்ட் பாயிண்ட் தாண்டிட்டா எப்படித் தெரியும்?”

முதல் ஞாயிறு, “கலர் மாறிடும் சார்.”

இரண்டாம் ஞாயிறு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். திரையில் பார்த்தால் நான்கு விநாடி. பிறகு, “கலரை வச்சு தெரியாது சார். ஒயின் ரெட்ல இருந்து நீலம் ஆகிடும், அதுக்கு மேல எவ்வளவு விட்டாலும் அதே நீலம்தான். அதான் நடுவுல கத்திரிப்பூ மாதிரி வரும்போதே துளித்துளியா விடணும். தாண்டிடுச்சான்னு திரும்பச் செஞ்சு பாத்தாத்தான் தெரியும்.”

இந்த ஒரு ஜோடிப் பதிலே போதும், வீடியோவின் மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம். ‘கலர் மாறிடும்’ என்பது கேட்கச் சரியாகவே இருக்கும். வேதியியல் தெரியாத தேர்வாளர் தலையாட்டிவிடுவார். தெரிந்தவருக்கு அந்த இடத்தில் பல் தெரிந்துவிடும். எங்கள் ஆலைக்கு இது வெறும் புத்தகக் கேள்வியும் இல்லை. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம், தோலுக்குப் போடும் எண்ணெய்க் கலவையோடு சேர்ந்து திரிந்து படிந்தால் தோல் முழுக்கத் திட்டுத்திட்டாகும். நிதானமில்லாமல் பியூரெட்டைத் திறக்கிற கை அங்கே பணச் செலவு. அந்த நான்கு விநாடி மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். உடனே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் ‘கலர் மாறிடும்’ என்று உளறுகிறார்கள். ‘ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்’ என்று கேட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

மூன்றாவது, அரியர். மதிப்பெண் பட்டியலில் மூன்றாம் செமஸ்டரில் ஒரு தாள் போயிருந்தது. “இது என்னாச்சு?” என்றேன். முதல் ஞாயிறு, “அந்த டைம்ல கொஞ்சம் ஃபேமிலி ப்ராப்ளம் சார்” என்று சொல்லித் தரையைப் பார்த்தாள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கிறவருக்கு அதற்கு மேல் கேட்க வாயும் வராது, நம்பவும் முடியாது, ஒரு கேள்விக்குறியோடு அடுத்ததற்குப் போவார். இரண்டாம் ஞாயிறு, “ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி சார். கணக்கு வர்ற பாடத்தை விட்டுட்டுப் படிச்சேன், அதுல நிறைய கேட்டுட்டாங்க. அடுத்த தடவை எழுதி 58 எடுத்தேன்” என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். நான் பெரிதும் பாராட்டுவது அந்த நிறுத்தத்தைத்தான். உண்மையைச் சொன்ன பிறகு அதற்கு மேல் சமாதானம் சொல்லச் சொல்லச் சின்ன விஷயம் பெரிதாகும்.

நான்காவது கேள்வி ஷிஃப்ட் பற்றியது. “ராணிப்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்கு வருவியா?” முதல் தடவை, “எங்க வேணும்னாலும், எந்த நேரம் வேணும்னாலும் சார்.” ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வேலூர், அங்கே மாறி ராணிப்பேட்டை. காலை ஷிஃப்டுக்கு இங்கிருந்து தினம் போய்ச் சேர முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யோசிக்காமல் சொன்ன பதில் என்று எனக்குப் பட்டது. இப்படிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் ஒரு மாதத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை, “தினமும் இங்க இருந்து வர முடியாது சார். ஆற்காட்டுல சித்தி வீடு இருக்கு, கேட்டுட்டேன், தங்கிக்கலாம்னாங்க. நைட் ஷிஃப்ட்டுன்னா ஆலை வண்டி உண்டான்னு மட்டும் தெரியணும்” என்றாள். அவள் ஒரு நிபந்தனை வைக்கிறாள், ஆனாலும் இந்தப் பதில்தான் நம்பும்படி இருக்கிறது.

நடுவில் நான் “கல்யாணம் எப்போ?” என்று கேட்டதும் பதிவாகியிருக்கிறது. வேலை மேசையில் உட்கார்ந்த காலத்துப் பழக்கம். கேட்டிருக்கக் கூடாது, அப்போதும் கூடாது. அதை வெட்ட வேண்டாம், ஆனால் அந்த இடத்தில் ‘இங்கே மோசமாக நடந்துகொண்டவர் தேர்வாளர்’ என்று எழுத்துப் போடுங்கள்.

இனி மறுபடி எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். இடது பக்கத்தை நடிக்காதீர்கள். ஒவ்வொருவரும் தயாரிப்பில்லாமல் முதலில் பேசுவதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இடது பக்கம். அதை அவர்களே போட்டுப் பார்த்து, தங்கள் ரெக்கார்ட் நோட்டையோ புராஜெக்ட்டையோ ஒருமுறை புரட்டிவிட்டு வரட்டும். அதே உடையில், அதே தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் இரண்டாவது பதிவு. கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்திலோ வேறு வகுப்பிலோ மனப்பாடம் செய்த ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ பத்தி இருந்தால் அது இடது பக்கத்தில் வரட்டும், தானாகவே வரும்.

திரையை இரண்டாகப் பிளந்து இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பேச விடாதீர்கள். கண் இரண்டைப் பார்க்கும், காது இரண்டைக் கேட்காது. உங்கள் முதல் வெட்டில் வலது பக்கம் பேசும்போது இடது பக்கத் தம்பி கையை ஆட்டிக்கொண்டிருந்தான், எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் உறைந்து, மங்கி நிற்க வேண்டும். முழு நேர்காணலையும் ஓட்டிவிட்டு அடுத்ததைப் போடவும் கூடாது. அதற்குள் முதல் பதில் மறந்துபோகும். ஒரு கேள்வி, இடது பதில், வலது பதில், பிறகு பத்து விநாடி வெறும் திரை. அந்தப் பத்து விநாடியில் பார்க்கிறவர் தாளில் ஒன்று எழுத வேண்டும். தேர்வாளராக இருந்தால் இந்தப் பதிலிலிருந்து எதைக் குறித்துக்கொள்வீர்கள்? ‘20 மில்லி, 9.4, வேகமா விட்டது’ என்று எழுதுவார்கள். இடது பக்கத்துக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல் பேனா நிற்கும். மோசம், நல்லது என்ற தலைப்பை அதற்குப் பிறகு காட்டுங்கள். முன்கூட்டியே போட்டுவிட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இடது பக்கம் உண்மையான பிள்ளையின் உண்மையான தடுமாற்றம். அதை மட்டும் கத்தரித்து யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் அந்தப் பிள்ளை வெளியே தலைகாட்ட முடியாது. முகம் போடலாமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் கேட்டால் மறுக்க மாட்டார்கள், ஆனால் அது சம்மதம் ஆகாது. இடது பக்கப் படத்தின் மேலேயே, அழிக்க முடியாதபடி, ‘பயிற்சி, முதல் பதிவு’ என்று பெரிதாகப் பொறித்துவிடுங்கள். தனியாக வெட்டினாலும் அது கூடவே போகும்.

இந்த வீடியோ எதற்கு உதவாது என்பதையும் தெரிந்துகொண்டு எடுங்கள். பெரிய முகாமில் ஒரு மேசைக்கு நூறு பேர் நின்றால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், இரண்டாவது கேள்விக்கே இடமிருக்காது. அங்கே முதல் பதிலிலேயே எண்ணும் செயலும் வந்துவிட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசுகிற வேலை என்றால் அங்கே ஆங்கிலம் உடையைப் போன்ற மேல்பூச்சு இல்லை, அதுவே பரீட்சை. அந்த வேலைக்கு வேறு வீடியோ எடுக்க வேண்டும், நான் அதற்கு ஆள் இல்லை. ஆளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுப் பேருக்கு நடத்தும் நேர்காணலும் உண்டு. அதில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே கூடத்துக்கு வருகிறேன். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போன பதிவில் பாதிப் பேச்சை அது தின்றுவிட்டது. போனைப் புத்தக அடுக்கின் மேல் வைக்காமல் கண் மட்டத்துக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பி.காம். பிள்ளைகள் தாங்கள் கையால் போட்ட ஒரு கணக்கு ஏட்டைக் கொண்டு வரட்டும், கணினி படித்தவர்கள் தாங்கள் எழுதி உடைந்துபோன புரோகிராம் ஒன்றை. உங்களுக்கு வேறு எதையும் முன்னால் சொல்ல மாட்டேன். அந்தத் தங்கையிடம் மட்டும் சொல்லி வையுங்கள், பஃபர் போடாமல் அதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று இந்த முறை கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்